நம்புகிறேன்

நம்புகிறேன், நடுவர்களே, ஆசிரியப் பெருமக்களே, சிமெண்டுத் தரையில் சம்மணமிட்டு அமர்ந்திருக்கும் தம்பி தங்கையரே, உங்களுக்கு வணக்கம் சொல்லும் இந்த நொடியிலேயே போட்டி தொடங்கிவிட்டது என்று.
நம்புகிறேன், இந்த மேடைக்கு ஏறும் படிகள் மூன்றுதான் என்று. ஆறாம் வகுப்பில் முதன்முறை ஏறியபோது அவை எனக்கு முப்பதாகத் தெரிந்தன.
நம்புகிறேன், அன்று 'மாண்புமிகு நடுவர் அவர்களே' என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வராமல் நான் நின்றதற்கு என் மறதி மட்டுமே காரணமில்லை என்று. நான்கு பக்கம் மனப்பாடம் செய்திருந்த அந்தப் பேச்சு வேறொருவர் எழுதித் தந்தது, அதில் என்னுடையது என்று சொல்ல ஒரு வாக்கியமும் இல்லை.
நம்புகிறேன், உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்த குறிப்புகள் வியர்வையில் நீலமாய்க் கரைந்ததும் நல்லதற்கே என்று.
நம்புகிறேன், அப்போது சிரித்தவர்களை நான் மறந்தது போல, 'உனக்குத் தெரிந்ததைச் சொல், தம்பி' என்று கடைசி வரிசையிலிருந்து குரல் கொடுத்த அந்த அண்ணனை ஒருநாளும் மறக்கமாட்டேன் என்று.
நம்புகிறேன், தண்ணீர்ச் சிக்கனம் பற்றி நான் அன்று பேசியது இரண்டே வாக்கியம் என்றாலும், எங்கள் தெருக் குழாயில் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும் என்பதும், விடியற்காலை நான்கு மணிக்கே அம்மா குடங்களை வரிசையில் வைத்துவிடுவார் என்பதும், அந்த நான்கு பக்கத்தைவிடக் கனமானவை என்று.
நம்புகிறேன், பரிசு எனக்குக் கிடைக்காதது சரியான தீர்ப்பே என்று.

நம்புகிறேன், களத்தில் பகைவர் நடுவே சாகத் துணிந்தவர் பலர், அவை நடுவே அஞ்சாமல் நிற்பவர் சிலரே என்று கண்ட வள்ளுவர், அவையஞ்சாமைக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியது முழங்கால் நடுங்குவதை அவரும் அறிந்திருந்ததால்தான் என்று.
நம்புகிறேன், 1893 செப்டம்பர் 11 அன்று சிகாகோவின் பெருமன்றத்தில் கையில் எழுதிய உரை எதுவும் இன்றி அமர்ந்திருந்த விவேகானந்தரை.
நம்புகிறேன், நெஞ்சு படபடத்தது, நா உலர்ந்துபோனது, காலையில் பேசத் துணியவில்லை என்று நம் சென்னையிலிருந்த சீடர் அளசிங்கப் பெருமாளுக்கு அவர் பிறகு கடிதம் எழுதினாரே, அந்தக் கடிதத்தை அவருடைய உரையைக் காட்டிலும் அதிகமாக.
நம்புகிறேன், காலை முழுவதும் தள்ளிப்போட்டவர் பிற்பகலில் எழுந்து சகோதரிகளே, சகோதரர்களே என்று அழைத்ததும் அரங்கமே கைதட்டியதற்குக் காரணம் அடுக்குமொழி அல்ல, அந்த அழைப்பில் இருந்த உறவுதான் என்று.
நம்புகிறேன், 1992இல் ரியோ டி ஜெனிரோவின் புவி உச்சி மாநாட்டில் உலக நாடுகளின் பிரதிநிதிகள் முன்னால் பேசிய கனடா நாட்டுச் சிறுமி செவர்ன் சுசுகிக்குப் பன்னிரண்டு வயதுதான் என்பதை நம் ஏழாம் வகுப்பு கேட்டுக்கொண்டிருக்கிறது என்று.

நம்புகிறேன், தொண்டை கட்டும் அளவுக்கு முழங்குவது பேச்சாகிவிடாது என்று. கையை எங்கே நீட்ட வேண்டும், எங்கே மடக்க வேண்டும் என்று கண்ணாடி முன் பழகி வந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.
நம்புகிறேன், மைக் கீச்சிட்டால் அது பேசுபவரின் குற்றமல்ல என்று.
நம்புகிறேன், மூன்றாம் நிமிடத்தில் அடிக்கும் எச்சரிக்கை மணியை. நான்காம் நிமிடத்து மணி அடித்த பின்னும் 'இறுதியாக' என்று ஐந்து முறை சொல்பவர்களை மட்டும் நம்பமாட்டேன்.
நம்புகிறேன், தன் முறை முடிந்ததும் தண்ணீர் குடிக்கப் போய்விடாமல், அடுத்தவர் பேச்சை அமர்ந்து கேட்பவரே அடுத்த ஆண்டு இன்னும் நன்றாகப் பேசுவார் என்று.
நம்புகிறேன், பாதியில் சொல் மறந்து ஒருவர் நின்றால் இந்த அவை சிரிக்காது, காத்திருக்கும் என்று. சிரிப்பு எழுந்தாலும் கடைசி வரிசையில் இன்று நான் இருப்பேன்.
நம்புகிறேன், மேசைமேல் அடுக்கியிருக்கும் எவர்சில்வர் தட்டுகளில் பெயர் இன்னும் பொறிக்கப்படாமல் இருப்பதே அவற்றின் அழகு என்று.

நம்புகிறேன், குலுக்கலில் முதல் சீட்டை எடுத்த ஆறாம் வகுப்புத் தங்கை, உதடுகள் அசைய எதையோ சொல்லிப் பார்த்தபடி, இந்நேரம் படியருகே வந்து நிற்பார் என்று.
நம்புகிறேன், இந்த மைக் அவர் உயரத்துக்கு இறங்கும் என்று. திருகாணி கொஞ்சம் இறுகியிருக்கிறது, தளர்த்தி வைத்துவிட்டு நான் இறங்கிக்கொள்கிறேன்.