பணிச்சுமையைத் தற்காலிகமாகக் குறைத்துத் தர வேண்டுதல்

திருப்பூர்,
5.8.2024

பெறுநர்: நிதி மேலாளர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

நம் பிரிவின் இளநிலைக் கணக்காளர் ஜூன் முதல் வாரத்தில் மகப்பேறு விடுப்பில் சென்றதிலிருந்து, அவர் பார்த்துவந்த ஜாப் ஒர்க் பில்களையும் இ-வே பில்களையும் என் வழக்கமான வேலைகளோடு சேர்த்து நானே கவனித்து வருகிறேன். சமாளித்துவிடலாம் என்று நம்பித்தான் அப்போது ஒப்புக்கொண்டேன். ஆனால் இப்போது உடல் ஒத்துழைக்க மறுக்கிறது என்பதைத் தங்களிடம் மறைக்காமல் தெரிவிப்பதே முறை என்று கருதுகிறேன்.

இரவில் தூக்கம் பிடிப்பதில்லை. காலையில் எழும்போதே அசதியாக இருக்கிறது. சாயப்பட்டறை பில்லில் உள்ள கிலோ கணக்கை டெலிவரி சலானோடு ஒப்பிடும்போது, ஒரே வரியை மூன்று முறை படித்தும் மனதில் நிற்பதில்லை. வரி சார்ந்த வேலையில் இது எங்கே கொண்டுபோய் விடும் என்பது தாங்கள் அறியாததல்ல.

7ஆம் தேதி டிடிஎஸ், 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 15ஆம் தேதி பிஎஃப், இஎஸ்ஐ, 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி ஆகியவற்றையும், செப்டம்பர் 30க்குள் முடிக்க வேண்டிய வரித் தணிக்கையையும் தள்ளிப்போட வழியில்லை என்பதால், அவற்றை நானே பொறுப்பேற்று முடித்துத் தருகிறேன். மற்றவற்றில்தான் மாற்றம் கேட்கிறேன்.

என்னை அதிகம் வாட்டுவது இ-வே பில்தான். மாலை ஆறு மணிக்கே இன்வாய்ஸ் தயாராகிவிட்டாலும், வண்டி எண் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் தெரியவருகிறது. டிரைவர் கேட்டில் நின்றுகொண்டு என் கைபேசிக்கு அழைக்கிறார். வண்டி எண் முதலில் டிஸ்பேட்ச் பிரிவுக்குத்தான் கிடைக்கிறது. இ-வே பில் தளத்தில் அவர்களுக்கென ஒரு துணைப் பயனர் கணக்கைத் தொடங்கிக் கொடுத்தால், பகுதி 'பி'யை அவர்களே பதிவுசெய்துவிடலாம். பழக்கிவிட அரை நாள் போதும். அதை நானே செய்கிறேன். உண்மையில், இது விடுப்புக் காலத்துக்குப் பிறகும் தொடர வேண்டிய ஏற்பாடு என்பது என் கருத்து.

ஜாப் ஒர்க் பில்களைப் பொறுத்தவரை, சரக்கு வரவுப் பதிவேட்டை எழுதும் ஸ்டோர் உதவியாளரே சலானையும் பில்லையும் சரிபார்த்துச் சேர்த்து அனுப்பினால், விலையையும் வரியையும் மட்டும் பார்த்து நான் பாஸ் செய்துவிடுவேன். இளநிலைக் கணக்காளர் டிசம்பர் தொடக்கத்தில் திரும்பும்வரை இது போதுமானது. ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களுக்கான ஜிஎஸ்டிஆர்-2பி ஒப்பீட்டை மட்டும் ஆடிட்டர் அலுவலகத்திடம் ஒப்படைக்கவும் வேண்டுகிறேன். கூடுதல் கட்டணம் ஆகும் என்பது தெரியும். இருப்பினும் தவறான உள்ளீட்டு வரி வரவை எடுத்துப் பயன்படுத்திவிட்டு 18 சதவீத வட்டி கட்டுவதைவிட அது மேல்.

இவற்றோடு, 3பி தாக்கல் முடிந்தபின் ஆகஸ்ட் 22 முதல் 24 வரை மூன்று நாள் விடுப்பும் தேவைப்படுகிறது. அந்த நாள்களில் அவசரமாக எதுவும் நிலுவையில் இல்லாதபடி முன்கூட்டியே பார்த்துக்கொள்கிறேன்.

டிடிஎஸ் கட்டி முடிந்ததும், 8ஆம் தேதி வியாழக்கிழமை காலை இதுபற்றிப் பேசத் தாங்கள் அரைமணி நேரம் ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மூத்த கணக்காளர்,
கணக்குப் பிரிவு