பத்து மூட்டைக்கு ஒரு மெயில்

சித்தப்பாவின் குரல் பதிவு, கேட்டபடி

அம்மாடி, களத்துல நிக்கிறேன், காத்து வேற அடிக்குது, கேக்குதா? அந்த மெட்ராஸ் கடைக்கார அம்மாவுக்கு ஒரு மெயில் போட்டுரு. இருவது மூட்ட அரிசி கேட்டாங்கல்ல, முடியாது. காணும் பொங்க மறுநாள் புடிச்ச மழ, மூணு நாளு, பயிரு படுத்துருச்சு. கீழண்ட ஒரு மா பூரா மொளச்சுப் போச்சு, அது மாட்டுக்குத்தான். பன்னண்டு மூட்ட தேறும்... இல்ல இல்ல, வெத நெல்லு எடுக்கணும், பத்துன்னு போடு. அஞ்சாந்தேதி தர்றேன்னு சொன்னேன், காயல. கடிச்சுப் பாத்தேன், நசுங்குது. மாசி பத்து ஆவும். வெல ஏத்தல. எதுத்த வீட்ல செவப்பரிசி வாங்கி ரொப்பிக் குடுன்றாங்க, நமக்கு அது வேணாம். அட்வான்ஸ்ல பாதியத் திருப்பித் தந்துர்றேன்னு சொல்லு. மரியாதயா எழுதும்மா, ஆனா நான் பேசுற மாதிரியே இருக்கட்டும்.

சித்தப்பாவுக்கு, அனுப்பும் முன்

சித்தப்பா, கீழே இருக்கிறது மெயில். நெல்லைக் கடித்துப் பார்த்ததை அப்படியே வைத்திருக்கிறேன். "ஈரப்பதம் அதிகம்" என்று எழுதினால் அது உங்கள் பேச்சாக இருக்காது. எத்தனை மூட்டை, என்றைக்கு என்பதை மட்டும் மேலே கொண்டுவந்தேன், அவர் கடையைத் திட்டமிட அதுதான் முதலில் வேண்டும். நாற்று விட்ட கணக்கும் எட்டு மூட்டைக் கணக்கும் நீங்கள் நேற்று போனில் சொன்னவை. 15,000-இல் பாதி 7,500 என்று நான் போட்டது சரியா, பாருங்கள். சரி என்றால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அனுப்பிவிடுகிறேன்.

மெயில்

பொருள்: மாப்பிள்ளைச் சம்பா அரிசி – 20 மூட்டைக்குப் பதில் 10, பிப்ரவரி 22-க்குள்

அம்மா, வணக்கம்.

நீங்கள் கேட்ட 20 மூட்டை அரிசியை இந்த முறை என்னால் தர முடியவில்லை. 25 கிலோ மூட்டையாகப் பத்துதான் தர முடியும். அதுவும் பிப்ரவரி 5-க்கு வராது, மாசி 10, அதாவது பிப்ரவரி 22-க்குள் வரும். விலை நாம் பேசியதுதான், ஏற்றவில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஆவணி பிறந்ததும் நாற்று விட்டது, 160 நாள் பயிர். நெஞ்சு உயரத்துக்கு நின்றது. காணும் பொங்கலுக்கு மறுநாள் பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. கதிர் முற்றிக் கனத்த நேரம், உயரமான பயிர் வேறு, மொத்தமும் படுத்துவிட்டது. போட்டிருந்தது 3 மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர். அதில் கிழக்குப் பக்கம் ஒரு மா பள்ளம், தண்ணீர் வடியவில்லை. வரப்பில் உட்கார்ந்து ஒரு கதிரைத் தூக்கிப் பார்த்தேன், நெல்லுக்கு நெல் வெள்ளையாக முளை விட்டிருந்தது. அது மாட்டுக்குத்தான். அந்த நெல்லில் ஒரு மணிகூட உங்களுக்கு வராது.

மீதி 2 மாவை பெல்ட் வண்டி விட்டு அறுத்தோம். எட்டு மூட்டை நெல் கண்டது. விதைக்கு ஒன்று எடுத்து வைத்தாக வேண்டும். நெல் மூட்டை பெரியது, அதனால் மிச்சம் ஏழை அரைத்தால் 25 கிலோவாகப் பத்து மூட்டை அரிசி வரும், அதைத்தான் சொல்கிறேன்.

நெல் இப்போது களத்தில் கிடக்கிறது. பகலெல்லாம் காலால் கிண்டிவிடுகிறோம், பொழுது சாய்ந்தால் பனிக்குப் பயந்து குவித்துத் தார்ப்பாய் போடுகிறோம். இன்று காலையில் ஒரு மணியைக் கடித்துப் பார்த்தேன், நசுங்குகிறது. டக்கென்று உடைய வேண்டும், அம்மா. நீங்கள் பச்சரிசியாகக் கேட்டிருக்கிறீர்கள். இந்த ஈரத்தோடு மில்லுக்குக் கொண்டுபோனால் பாதி குருணையாகிவிடும். அதனால்தான் நாள் கேட்கிறேன்.

வெளியில் சிவப்பரிசி வாங்கிக் குறையை ரொப்பிக் கொடு என்று இங்கே சொன்னார்கள். நமக்கு அது வேண்டாம். என் வயல் அரிசி என்று சொல்லித்தான் நீங்கள் விற்கிறீர்கள், அதை நம்பித்தான் உங்களிடம் வாங்குகிறார்கள்.

நீங்கள் கொடுத்த 15,000 ரூபாய் அட்வான்ஸில் பாதி, 7,500, திருப்பித் தந்துவிடுகிறேன். இந்த வாரமே வங்கியில் போடுகிறேன். பத்து மூட்டைக்காகக் காத்திருக்க உங்களுக்குத் தோதில்லை என்றால் சொல்லுங்கள், முழுப் பணத்தையும் அனுப்பிவிடுகிறேன். எனக்கு வருத்தம் இருக்காது.

காத்திருப்பதாக இருந்தால் ஒரு வரி போடுங்கள். அரைத்ததும் முதலில் ஒரு கிலோ பார்சலில் அனுப்புகிறேன். வடித்துச் சாப்பிட்டுப் பார்த்துச் சொல்லுங்கள், அப்புறம் மூட்டைகளை லாரியில் ஏற்றுகிறேன்.

அன்புடன்,
கோவிந்தராசு
நீடாமங்கலம் பக்கம்