தன்விவரக் குறிப்பு: மு. கலைச்செல்வி, பி.காம்., காப்பீட்டு ஆலோசகர் (ஆயுள், மருத்துவம்)

விண்ணப்பிக்கும் பணி: காப்பீட்டுத் தரகு நிறுவனத்தின் தனிநபர் பிரிவில் மூத்த ஆலோசகர்
தேதி: நவம்பர் 2025
தொடர்பு விவரம்: இணைப்புக் கடிதத்தில் உள்ளது

என்னைப் பற்றி

2012 முதல் முழுநேரக் காப்பீட்டு முகவர். எத்தனை பாலிசி பிடித்தேன் என்பதைவிட, பிடித்த பாலிசிகளில் எத்தனை ஐந்தாம் ஆண்டிலும் உயிரோடு இருக்கின்றன என்பதே என் வேலைக்கு அளவுகோல் என்று நம்புகிறேன். அதனால் இந்தக் குறிப்பில் விற்பனைக்கு முன்பாகவே புதுப்பித்தல் கணக்கை வைத்திருக்கிறேன். உங்கள் நிறுவனத்தில் சேர விரும்புவதற்கும் காரணம் உண்டு: ஒரு நிறுவனத்தின் முகவராக இருக்கும்போது அந்த நிறுவனத்தின் திட்டங்களை மட்டுமே காட்ட முடிகிறது. குடும்பத்தின் தேவையை முதலில் வைத்து, பல நிறுவனங்களின் திட்டங்களை ஒப்பிட்டுச் சொல்லும் இடத்தில் வேலை செய்ய ஆசைப்படுகிறேன்.

உரிமமும் தகுதியும்

முதல் உரிமம் 2012-இல், 50 மணி நேரப் பயிற்சிக்கும் தேர்வுக்கும் பிறகு, ஆயுள் காப்பீட்டுக்காகப் பெற்றது. அப்போது உரிமம் மூன்றாண்டுக்குச் செல்லும், 2015-இல் புதுப்பித்தேன். 2016 விதிமுறைகள் வந்தபின் நிறுவனமே முகவரை நியமிக்கும் முறை வந்ததால், இன்று என்னிடம் இருப்பவை இரண்டு நியமனக் கடிதங்கள்:

- ஆயுள்: இந்திய ஆயுள் காப்பீட்டுக் கழகம் (எல்.ஐ.சி.), 2012 முதல் இடைவெளியின்றி
- மருத்துவம்: தனியார் மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் ஒன்று, 2018 முதல் (இதற்கு ஐ.சி.-38 பாடத்தில் தேறினேன்)

ஏஜென்சி எண்களின் கடைசி நான்கு இலக்கங்கள்: ஆயுள் 4172, மருத்துவம் 0938. முழு எண்ணையும் பான் அட்டை நகலையும் நேர்காணலில் தருகிறேன், ஐ.ஆர்.டி.ஏ.ஐ.-யின் முகவர் தளத்தில் நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். இடைநிறுத்தமோ ஒழுங்கு நடவடிக்கையோ ஒருமுறைகூட இல்லை. உங்களிடம் சேரும்போது இரண்டு முகவர் நியமனங்களையும் ஒப்படைத்து, விலகல் சான்றிதழைப் பெற்று வருவேன். தரகு நிறுவனப் பணியாளருக்கான பயிற்சிக்கும் தேர்வுக்கும் தயாராக இருக்கிறேன்.

இந்தியக் காப்பீட்டு நிறுவகத்தின் (இன்சூரன்ஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியா) லைசென்ஷியேட் தேர்ச்சி, 2019. எல்.ஐ.சி.-யில் கோட்ட மேலாளர் கிளப் உறுப்பினர்.

புதுப்பித்தல்

மார்ச் 2025 நிலவரப்படி, பிரீமியத் தொகை அடிப்படையில் ஆயுள் பாலிசிகளின் நிலைத்திருப்பு விகிதம்:

13-ஆம் மாதம்: 93%
25-ஆம் மாதம்: 88%
37-ஆம் மாதம்: 84%
49-ஆம் மாதம்: 81%
61-ஆம் மாதம்: 76%

மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுப் புதுப்பித்தல்: 94%

இந்த எண்கள் பெரும்பாலும் பாலிசி போடும் நாளிலேயே முடிவாகிவிடுகின்றன. ஜூன் மாதம் பள்ளிக் கட்டணம் கட்டும் குடும்பத்துக்கு ஜூனிலேயே ஆண்டு பிரீமியமும் விழுந்தால், இரண்டாம் தவணையிலேயே பாலிசி தடுமாறும். எனவே அந்த வீட்டில் எந்த மாதம் கையில் பணம் புழங்கும் என்று கேட்டு, அதற்கேற்பப் பாலிசியின் தொடக்கத் தேதியை வைக்கிறேன். தேவைப்பட்டால் அதே நிதியாண்டுக்குள் முன்தேதியிட்டுக்கொள்கிறேன். இதில் வயதுக் கணக்கும் சில நேரம் சாதகமாக வந்து பிரீமியம் சற்றுக் குறையும். மாதத் தவணைக்காரர்களுக்கு வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் ஏற்பாடு கட்டாயம். மாதத் தவணைக்குச் சலுகைக் காலம் 15 நாள்தான், மற்றவற்றுக்கு 30 நாள் என்பதைப் பாலிசிப் பத்திரம் கொடுக்கும்போதே முதல் பக்கத்தில் எழுதித் தருகிறேன்.

காலாவதியான பாலிசிகளையும் கைவிடுவதில்லை. மருத்துவப் பரிசோதனை தேவைப்படாத நிலையிலேயே மீட்டுவிட்டால் வாடிக்கையாளருக்குச் செலவு மிச்சம். பத்தாண்டு கட்டியவர் சரண்டர் செய்யக் கேட்டு வந்தால், முதலில் பாலிசிக் கடனைப் பற்றிச் சொல்கிறேன். அதற்குப் பிறகும் வேண்டுமென்றால் படிவத்தை நானே நிரப்பித் தருகிறேன்.

விற்ற பாலிசிகள்

2012 முதல் மார்ச் 2025 வரை ஆயுள் பாலிசிகள் 1,146. இவற்றில் நடப்பில் உள்ளவை 827. முதிர்வு அல்லது இறப்பு கிளெய்ம் தொகை வழங்கி முடிந்தவை 88. காலாவதியானவை, சரண்டர் ஆனவை 231.

கடைசி மூன்று நிதியாண்டுகள்:

2022-23: 84 பாலிசிகள், முதலாண்டு பிரீமியம் 26.9 லட்சம் ரூபாய்
2023-24: 91 பாலிசிகள், 31.4 லட்சம் ரூபாய்
2024-25: 97 பாலிசிகள், 35.8 லட்சம் ரூபாய்

இந்த 272-இல் 103 டேர்ம் பாலிசிகள். எண்டோமென்டைவிட டேர்மில் பிரீமியம் குறைவு, எனக்கு வரும் கமிஷனும் குறைவு. ஆனால் கடன் வாங்கி வீடு கட்டிய இளம் தம்பதிக்கு முதலில் வேண்டியது பெரிய காப்புத் தொகை; சேமிப்பு அதன்பிறகு. இந்த வரிசையை நான் மாற்றுவதில்லை.

மருத்துவக் காப்பீடு: நடப்பில் 263 பாலிசிகள், 812 பேருக்குக் காப்பு. செப்டம்பர் 22, 2025 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவ பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. நீங்கியதும், மிச்சமான தொகையைக் காப்புத் தொகை உயர்த்தப் பயன்படுத்தும்படி பழைய வாடிக்கையாளர்களிடம் சொல்லி வருகிறேன்.

வாடிக்கையாளர்கள்

540 குடும்பங்கள். ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் 38%, சிறு வணிகர்கள் 27%, தனியார் ஊழியர்களும் செவிலியர்களும் 21%, ஓட்டுநர் உள்ளிட்ட சுயதொழில் செய்வோர் 14%. புதிதாக வருபவர்களில் பாதிக்கு மேல் பழைய வாடிக்கையாளர் சொல்லி வருபவர்கள். பெண்களின் பெயரில் தனிப் பாலிசி போடுவதில் அதிக அக்கறை காட்டுகிறேன். கணவர் பாலிசியில் நாமினியாக மட்டும் இருந்தவர்கள் பலர் இன்று சொந்தமாகப் பாலிசி வைத்திருக்கிறார்கள்.

காப்பீட்டுச் சட்டம் 1938-இன் பிரிவு 41 தடைசெய்யும் கமிஷன் தள்ளுபடியை யாருக்கும் கொடுத்ததில்லை. அதனால் கைவிட்டுப்போன வாடிக்கையாளர்களும் உண்டு.

கிளெய்ம் பணி

இறப்பு கிளெய்ம்கள் 29-இல் குடும்பத்துடன் உடனிருந்து பணியாற்றினேன். எல்லாவற்றுக்கும் தொகை வந்தது. ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஓட்டுநர் ஒருவர் பாலிசி எடுத்த இரண்டாம் ஆண்டில் இறந்தார். மூன்று ஆண்டுக்குள் வந்த இறப்பு என்பதால் விசாரணை நடந்தது. அவருக்குச் சர்க்கரை நோய் இருந்ததை முன்மொழிவுப் படிவத்தில் எழுதவைத்து, சர்க்கரைப் பரிசோதனை அறிக்கையையும் இணைத்து, கூடுதல் பிரீமியத்துக்கு அவரைச் சம்மதிக்க வைத்திருந்தேன். "இதை எழுதாமல் விட்டால் பிரீமியம் குறையுமே" என்று அவர் கேட்டது நினைவிருக்கிறது. விசாரணை அதிகாரி மருத்துவமனைப் பதிவையும் படிவத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், இரண்டும் ஒத்துப்போயின. முழுத் தொகையும் அவர் மனைவியின் கணக்குக்கு வந்தது.

மருத்துவக் காப்பீட்டில் ரொக்கமில்லாச் சிகிச்சைக்கான முன் அனுமதி, டிஸ்சார்ஜ் நேரத்து இழுபறி, ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் ஆகியவற்றில் நல்ல அனுபவம்.

பிற

மொழிகள்: தமிழ் (சரளம்), ஆங்கிலம் (படிவம், கடிதம், உரையாடல்), தெலுங்கு (பேச மட்டும்). புதுப்பித்தல் பட்டியலை எக்ஸெல்லில் பராமரிக்கிறேன். புதிய முகவர்கள் ஆறு பேருக்குத் தேர்வுப் பயிற்சி அளித்ததில் ஐந்து பேர் தேறினர். சொந்த இருசக்கர வாகனமும் ஓட்டுநர் உரிமமும் உண்டு.

நிலைத்திருப்பு அறிக்கை, நியமனக் கடிதங்கள், லைசென்ஷியேட் சான்றிதழ் ஆகியவற்றின் மூலப்பிரதிகள் கைவசம் உள்ளன. தேர்வானால், விலகல் சான்றிதழ் கைக்கு வந்த மறுவாரமே பணியில் சேர முடியும்.

மு. கலைச்செல்வி