உடைந்த வடிகால் மூடியை மாற்றக் கோரி

அனுப்புநர்:
கு. செல்வி,
எண் 14, இரண்டாவது குறுக்குத் தெரு,
பழைய வண்ணாரப்பேட்டை,
சென்னை – 600 021.

பெறுநர்:
உதவிப் பொறியாளர் அவர்கள்,
மாநகராட்சி வார்டு அலுவலகம்,
பழைய வண்ணாரப்பேட்டை,
சென்னை – 600 021.

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: மழைநீர் வடிகாலின் உடைந்த மூடியை மாற்றித் தரவும், தூர்வாரித் தரவும் வேண்டுதல் – தொடர்பாக.

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இரவு ஜல்லி ஏற்றி வந்த டெம்போ ஒன்று பின்பக்கமாக எடுக்கும்போது, எங்கள் வீட்டு எதிரே உள்ள வடிகால் சிலாப் நடுவில் இரண்டாக உடைந்துவிட்டது. ஒரு பாதி உள்ளே விழுந்து கிடக்கிறது. மறு பாதியில் கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது. வண்டி எண்ணை யாரும் பார்க்கவில்லை.

நாங்களே ஒரு பழைய டிரம்மை வைத்து, அதில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறோம். பகலில் சரி. ஆனால் விடியற்காலை மூன்று மணிக்குக் காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகும் பெண்கள் தலையில் கூடையோடு இந்த வழியாகத்தான் நடக்கிறார்கள். செவ்வாயன்று ஒரு பாட்டியின் கால் உள்ளே போய், முழங்கால் வரை சிராய்த்துவிட்டது.

விழுந்த சிலாப்பில் குப்பை தேங்கி, தண்ணீர் போகாமல் நிற்கிறது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் முதலில் தண்ணீர் ஏறுவது தாழ்வாக உள்ள 9 முதல் 14 வரையிலான வீடுகளில்தான். எனவே மழைக்கு முன்பே அடைப்பை எடுத்து, அப்புறம் புது மூடி போட்டுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அதுவரை ஒரு தடுப்பாவது வைத்தால் உதவியாக இருக்கும். டிரம்மைப் பக்கத்து வீட்டுக்காரர் திருப்பிக் கேட்கிறார்.

நன்றி.

இடம்: சென்னை – 21
நாள்: 19.09.2024

இணைப்பு: புகைப்படங்கள் – 2

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,

கையொப்பம்: ..............................
(கு. செல்வி)