துணி விலகும் நேரம்: அக்டோபர் 9, வெள்ளிக்கிழமை, மாலை 6.30

கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் உள்ள எங்கள் காட்சியகத்தின் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால், கருநீலத் துணி போர்த்திய ஒரு வண்டி செப்டம்பர் 4-ஆம் தேதியான இன்று காலை முதல் நின்றுகொண்டிருக்கிறது. சென்னை, மதுரை, திருச்சி, சேலம், திருநெல்வேலி ஆகிய ஊர்களில் உள்ள எங்கள் காட்சியகங்களிலும் அதே வண்டி, அதே துணியின் கீழ் நிற்கிறது. துணியின் மேடுபள்ளங்களைக் கொண்டு உருவத்தை ஊகிக்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும்: கைப்பிடிக்கும் இருக்கைக்கும் மேலே மரச்சட்டம் வைத்த பிறகே துணியைப் போர்த்தியிருக்கிறோம். வெளியிலிருந்து தெரிவது தச்சரின் கைவேலை.

அது ஒரு மின்சார ஸ்கூட்டர். பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தில் பதிவெண் எழுதப்படவிருக்கும் வண்டி. இவ்வளவைத்தான் இன்று சொல்கிறோம். பெயரைச் சொல்லவில்லை, விலையைச் சொல்லவில்லை, முன்புறம் எப்படி இருக்கும் என்பதையும் சொல்லவில்லை. ஆனால், ஐந்து வாரங்கள் உங்களை வெறுமனே காத்திருக்க வைப்பதும் எங்கள் நோக்கமன்று. இந்த வண்டியைக் கண்டதும் நீங்கள் என்னென்ன கேட்பீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும் என்பதால், அந்தக் கேள்விகளுக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாலை 6.30 மணிக்கு ஒன்றாகப் பதில் சொல்லப் போகிறோம். பதில்கள் எல்லாம் வந்து சேர்ந்த பிறகுதான் துணி விலகும்.

சிலர் வண்டியை ஏற்கெனவே பார்த்துவிட்டதாகச் சொல்கிறார்கள். கடந்த கோடையில் ஏற்காடு மலைப்பாதையில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் ஒட்டிய ஸ்கூட்டர் ஒன்று ஏறுவதைப் பின்னாலிருந்து எடுத்த படம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. படம் உண்மையானது, அது எங்கள் வண்டிதான். படத்தில் எல்லாரும் வட்டமிட்டுக் காட்டிய பின்விளக்கு மட்டும் எங்களுடையதன்று. சோதனை ஓட்டத்துக்காகச் சந்தையில் கிடைக்கும் வேறொரு விளக்கை வாங்கிப் பொருத்தியிருந்தோம். அந்த விளக்கைப் பாராட்டியவர்களுக்கு நன்றி கூறுகிறோம், பாராட்டு உரியவரைச் சென்று சேரட்டும்.

முதல் வெள்ளிக்கிழமையான செப்டம்பர் 11 அன்று, மழையைப் பற்றிப் பேசுவோம். மின்வண்டி வாங்க வருபவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது வேகத்தையன்று, "தண்ணீரில் போனால் என்ன ஆகும்?" என்பதையே. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னைத் தெருக்களில் நின்ற வெள்ளத்தைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்பதில் வியப்பில்லை. ஐபி67 என்ற தரக்குறியீட்டைப் பல விளம்பரங்களில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரைமணி நேரம் மூழ்கிக் கிடந்தாலும் தீங்கு செய்யும் அளவுக்கு நீர் உள்ளே புகாது என்பது அதன் பொருள். எங்கள் பேட்டரியும் அந்தச் சோதனையில் தேறியிருக்கிறது. என்றாலும், ஆய்வகத் தொட்டியில் நிற்பது அசையாத, தெளிந்த நீர். தெருவில் நிற்பது சேறும் சாக்கடையும் கலந்து, எதிரே வரும் பேருந்து எழுப்பும் அலையோடு மோதும் நீர். ஆகவே, தொட்டிச் சோதனையோடு நிறுத்தாமல், எங்கள் தொழிற்சாலை வளாகத்தில் ஒரு சாலையையே வெட்டி, அதில் சேற்றுநீரை நிரப்பி வண்டியை ஓட்டியிருக்கிறோம். மறுகரைக்கு வந்த வண்டியை அணைத்து, இரவு முழுவதும் அப்படியே விட்டு, காலையில் மீண்டும் இயக்கிய காட்சியை அன்று வெளியிடுவோம். அது கிளம்பியதா என்பதைக் கடைசி நொடியில்தான் காண்பீர்கள். கிளம்பியிருந்தாலும், வெள்ளத்தில் வண்டி ஓட்ட வேண்டாம் என்பதே எங்கள் அறிவுரை.

செப்டம்பர் 18, ஏற்றத்துக்கான நாள். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. இருவர் அமர்ந்து, காலடியில் ஒரு பையும் வைத்துக்கொண்டு ஏறும்போது மோட்டார் எவ்வளவு சூடாகிறது, கடைசி வளைவில் வேகம் எவ்வளவு குறைகிறது என்பதை வெட்டாத ஒரே காட்சியாகக் காட்டுவோம். இறக்கத்தையும் காட்டுவோம். இறங்கும் வண்டியின் ஓட்டத்திலிருந்து மின்சாரம் திரும்பப் பேட்டரிக்குள் ஏறும் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் மலையுச்சியிலேயே முழுவதும் சார்ஜ் ஏற்றிக்கொண்டு கீழே இறங்கினால், நிறைந்த பேட்டரிக்குள் அந்த மின்சாரம் போக இடமிருக்காது, அதனால் கைவிசையை விட்டதும் வழக்கமாகக் கிடைக்கும் தடுப்பும் குறைந்துவிடும். அந்த நிலையிலும் ஓட்டுநரின் கைக்கு வேறுபாடு தெரியாமலிருக்க நாங்கள் என்ன செய்திருக்கிறோம் என்பது அன்றைய செய்தி.

செப்டம்பர் 25 அன்று சொல்லப் போவதே எங்களுக்கு மிக முக்கியமானது: ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் எவ்வளவு தூரம் போகலாம்? சான்றிதழில் அச்சாகும் தூரம், ஆய்வகத்தில் உருளைகளின் மேல் வண்டியை நிறுத்தி, முன்கூட்டியே வகுத்த வேக அட்டவணைப்படி ஓட்டி அளக்கப்படுவது. ஒரு வண்டியை இன்னொரு வண்டியோடு ஒப்பிட அது நேர்மையான அளவுகோல்தான். ஆனால் அந்த உருளைகளின் மேல் பின்னிருக்கையில் யாரும் உட்காருவதில்லை, எதிர்க்காற்று அடிப்பதில்லை, டயரில் காற்று குறைவதில்லை. வேகம் இருமடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது என்பதால், நெரிசலான நகரத்துக்குள் மெதுவாக ஓடும் அதே வண்டி புறவழிச்சாலையில் விரைந்து ஓடும்போது பேட்டரியை வேகமாகத் தீர்த்துவிடுகிறது. விளம்பரத்தில் படித்த எண்ணை நம்பி வாங்கியவர், முதல் வாரத்திலேயே மீதமுள்ள கிலோமீட்டரைப் பார்த்துப் பார்த்து ஓட்டும் நிலைக்கு ஆளாவது இதனால்தான்.

நாங்கள் மூன்று எண்களைச் சொல்வோம். ஒன்று, சான்றிதழில் உள்ள ஆய்வகத் தூரம். இரண்டாவது, ஒருவர் மட்டும் நகரத்துக்குள் ஓட்டினால் கிடைக்கும் தூரம். மூன்றாவது, வேலூரின் மே மாத வெயிலில், நண்பகலில், இருவரோடும் ஒரு சிப்பம் அரிசியோடும் ஓட்டியபோது கிடைத்த தூரம். அந்த மூன்றில் எது மிகச் சிறியதோ, அதுவே எங்கள் விளம்பரங்களில் பெரிய எழுத்தில் அச்சாகும். இது வணிகத்துக்கு நல்லதா என்று எங்கள் விற்பனைப் பிரிவினர் இன்னமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அக்டோபர் 2 அன்று பேட்டரியையும் மின்கட்டணத்தையும் பற்றிச் சுருக்கமாகப் பேசுவோம். நாட்டில் சில மின்ஸ்கூட்டர்கள் தீப்பிடித்ததைத் தொடர்ந்து, பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏஐஎஸ்-156 விதிமுறை கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலுமாக இரு கட்டங்களில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி எங்கள் பேட்டரி என்னென்ன சோதனைகளைக் கடந்தது என்பதோடு, வீட்டுப் பிளக்கில் ஒருமுறை முழுதாக ஏற்ற எத்தனை யூனிட் ஆகிறது என்பதையும் மீட்டரைக் காட்டியே சொல்லுவோம். உங்கள் இரண்டு மாத மின்கட்டண ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இனி, அக்டோபர் 9 வரை நாங்கள் வாய் திறக்கப் போகாத ஒரு விவரம் இருக்கிறது. இன்று சாலையில் ஓடும் பெரும்பாலான மின்ஸ்கூட்டர்களில் இருக்கும் ஒரு பொருள் இந்த வண்டியில் இல்லை. சாவி என்று ஊகிக்க வேண்டாம், அது எளிய விடை, தவறான விடையும்கூட. பேட்டரி இருக்கிறது, மோட்டார் இருக்கிறது, நடு ஸ்டாண்டும் இருக்கிறது. இல்லாத பொருளை வெளியிலிருந்து பார்க்க முடியாது, வண்டியைப் பிரித்தால்தான் தெரியும். 2025-ஆம் ஆண்டில் அது வெளிநாட்டிலிருந்து வந்து சேராமல் உலகெங்கும் வாகனத் தொழிற்சாலைகள் தடுமாறின. அது இல்லாமல் ஓட வைக்க முடியுமா என்று நாங்கள் ஆராயத் தொடங்கியபோது, தொடக்கப் புள்ளி எங்கள் ஊரிலேயே இருந்தது: கோயம்புத்தூரில் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் வீட்டுக் கிரைண்டரைப் பிரித்துப் பாருங்கள், தோட்டத்துக் கிணற்றில் ஓடும் பழைய பம்புசெட்டைப் பிரித்துப் பாருங்கள்; அவற்றிலும் அது இருக்காது. உலகில் இதை முதலில் செய்தவர்கள் நாங்களே என்று மார்தட்டவில்லை. எடையும் சூடும் கூடாமல் ஒரு ஸ்கூட்டருக்குள் இதை அடக்குவதுதான் கடினமாக இருந்தது. அதற்காக நாங்கள் விட்டுக்கொடுக்க நேர்ந்தது என்ன என்பதையும் அன்றே சொல்லுவோம்.

விடையை ஊகிப்பவர்கள், அதை எங்கள் காட்சியகங்களில் வைத்திருக்கும் பெட்டியில் பெயருடனும் ஊருடனும் எழுதிப் போடலாம். பெட்டி அக்டோபர் 8, வியாழக்கிழமை இரவு 8 மணிக்குப் பூட்டப்படும். சரியாக எழுதியவர்களிலிருந்து குலுக்கலில் தேர்வாகும் ஆறு பேர், ஊருக்கு ஒருவராக, தங்கள் ஊர்க் காட்சியகத்தில் தங்கள் கையாலேயே துணியை விலக்குவார்கள். பிரபலங்கள் எவரையும் நாங்கள் அழைக்கவில்லை.

துணி விலகுவதற்கு 6.30 மணியைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. பொழுது சாய்ந்து வீடுகளில் விளக்கு வைத்து முடித்திருக்கும் அந்த நேரத்தில், ஆறு காட்சியகங்களிலும் எல்லா விளக்குகளும் அணைக்கப்படும். துணி விலகிய பின்னும் சிறிது நேரம் உங்களுக்கு எதுவும் தெரியாது. பிறகு வண்டியின் முன்விளக்கு எரியும்; அந்த விளக்கின் வடிவத்தைத்தான் நீங்கள் முதலில் பார்க்க வேண்டும் என்று எங்கள் வடிவமைப்பாளர்கள் பிடிவாதமாக இருக்கிறார்கள். அதன் பிறகு உருவம், பெயர், கடைசியாக விலை. அறிவிக்கப்படும் விலை, பதிவுக் கட்டணமும் காப்பீடும் சேர்ந்து, வண்டியைச் சாலைக்கு எடுக்க நீங்கள் செலுத்த வேண்டிய முழுத்தொகையாகவே இருக்கும்.

முன்பதிவு அன்று இரவு 7.30 மணிக்குத் தொடங்கும். அதற்கு முன் எவரிடமும் பணம் பெறமாட்டோம். எங்கள் பெயரைச் சொல்லி யாரேனும் முன்பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். மறுநாள் சனிக்கிழமை காலை 7 மணி முதல், முன்பதிவு செய்யாதவர்களும் வண்டியை ஓட்டிப் பார்க்கலாம். ஓட்டுநர் உரிமத்தையும் தலைக்கவசத்தையும் எடுத்து வாருங்கள். வீட்டில் வண்டியை அதிகம் ஓட்டப் போகிறவர் வேறொருவர் என்றால், அவரையும் அழைத்து வாருங்கள்.