பூனைக்குட்டிகள் நான்கு: நல்ல வீடு தேவை

திருநகர் 3வது ஸ்டாப் பக்கம் எங்கள் தையல் கடை. கடை மாடிப் பரணில், வெட்டுத்துணி மூட்டைக்குள், தெருப்பூனை ஒன்று நான்கு குட்டி போட்டது. இந்த வாரத்தோடு ஒன்பது வாரம் முடிகிறது. பால்குடி மறந்து, தானாகச் சாப்பிட்டு, மணல் தட்டில் போய் வரவும் பழகிவிட்டன. இரண்டு முறை பூச்சி மருந்து கொடுத்தாயிற்று. போன வாரம் முதல் தடுப்பூசியும் போட்டோம். டாக்டர் கண், காது, வயிறு எல்லாம் பார்த்துவிட்டு நால்வருமே ஆரோக்கியம் என்றார். ஊசிச் சீட்டைக் கையோடு தருகிறோம்.

கடையில் வளர்ந்ததால் பெயரெல்லாம் தையல் பெயர்தான். பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளுங்கள்.

பாபின், செம்பழுப்பு ஆண். நால்வரில் பெரியவன், சாப்பாட்டுராமன். மெஷின் ஓடும்போது பெடல் பக்கத்திலேயே தூங்குவான். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு இவன்தான் சரி. யார் தூக்கினாலும் துணிமாதிரித் தொங்குவான்.

ஊக்கு, சாம்பல் வரி போட்ட ஆண். பெயருக்கேற்ற குத்தல். கடிப்பதெல்லாம் விளையாட்டுதான், ஆனால் கைக்குழந்தை உள்ளவர்கள் இவனைக் கேட்காதீர்கள். தினம் அரை மணி நேரமாவது விளையாட ஆள் இருந்தால் தங்கம். இல்லாவிட்டால் உங்கள் திரைச்சீலைக்கு நான் பொறுப்பில்லை.

காஜாவும் பித்தானும் பெண்கள். காஜா முழுக் கறுப்பு. பித்தான் வெள்ளை, நெற்றியில் ஒரே ஒரு கறுப்புப் பொட்டு. புது ஆளைக் கண்டால் பித்தான் அலமாரிக்கு அடியில் போய்விடும். காஜா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் வெளியே வரும். அதனால் இந்த இரண்டையும் பிரித்துத் தருவதாக இல்லை, எத்தனை பேர் கேட்டாலும். கறுப்புப் பூனை குறுக்கே வந்தால் ஆகாது என்பவர்கள் சிரமப்பட்டு வர வேண்டாம்.

காசு எதுவும் வேண்டாம். வாக்குதான் வேண்டும். போன வருடம் இதே தாய் போட்ட குட்டிகளை, கேட்டவர்களுக்கெல்லாம் யோசிக்காமல் கொடுத்தேன். அதில் ஒன்று பத்தே நாளில் மெயின் ரோட்டில் அடிபட்டுக் கிடந்ததாகச் சேதி வந்தது. தப்பு என்னுடையதும்தான். அதனால் இந்த முறை நிறையக் கேள்வி கேட்பேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

குட்டி வீட்டுக்குள் வளர வேண்டும். கட்டிப் போடக் கூடாது. மாடி வீடென்றால் ஜன்னலுக்கும் பால்கனிக்கும் வலை அடித்திருக்க வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். “ஓனர் திட்டுகிறார்” என்று ஒரு மாதத்தில் தெருவில் விடுவதற்கு இவை தெருவிலேயே இருந்திருக்கலாம்.

இன்னும் இரண்டு வாரத்தில் இரண்டாவது தடுப்பூசி, மூன்று மாதம் முடிந்ததும் வெறிநோய் ஊசி. ஐந்து, ஆறு மாதத்தில் கருத்தடை ஆபரேஷன், ஆணானாலும் பெண்ணானாலும். “ஒரு தடவை குட்டி போடட்டுமே” என்ற பேச்சுக்கு இடமில்லை. பெண் பூனை நாலைந்து மாதத்திலேயே சினையாகிவிடும், அப்புறம் இரண்டே மாதத்தில் குட்டி. இந்தத் தாய்க்கு அடுத்த வாரம் ஆபரேஷன், அதை நாங்களே வைத்துக்கொள்கிறோம்.

சாப்பாட்டில்தான் பலருக்குக் குழப்பம். மாட்டுப்பால் வேண்டாம், பல குட்டிகளுக்கு வயிற்றால் போகும். வெறும் பால்சோறு, தயிர்சோறு போட்டு வளர்க்க முடியாது. பூனைக்குக் கறி உணவு கட்டாயம். வீட்டில் கவுச்சி புழங்காதவர்கள் கடையில் விற்கும் குட்டிப்பூனைத் தீனி வாங்கிப் போடுங்கள். இப்போது ஒரு நாளைக்கு நாலு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. தீனியோடு, வேகவைத்த கோழியும் முள் எடுத்த மீனும் உப்பு, காரம் இல்லாமல் சாப்பிடுகின்றன. வெங்காயம், பூண்டு போட்ட குழம்பு வேண்டவே வேண்டாம். காய்ச்சல் என்று நமக்குப் போடும் பாராசிட்டமால் மாத்திரை பூனைக்கு விஷம். அந்துருண்டையும் அப்படித்தான். வெயில் காலத்தில் மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள், குளிர்ச்சியாக இருக்கும்.

தையல்காரனாக ஒன்று சொல்கிறேன்: நூல். பூ கட்டும் வீடுகளில் நாரும் அப்படித்தான். குட்டி விளையாடிக்கொண்டே விழுங்கிவிடும், குடலில் மாட்டினால் உயிருக்கே ஆபத்து. வாயிலோ பின்பக்கமோ நூல் தொங்கினால் நீங்களாக இழுக்காதீர்கள், நேராக டாக்டரிடம் போங்கள். எங்கள் கடையில் இப்போது ஒரு நூல்கண்டும் மேஜையில் இருப்பதில்லை, எல்லாம் டப்பாவுக்குள்.

எந்தக் காரணத்தாலும் வளர்க்க முடியாமல் போனால் வேறு யாருக்கும் கொடுக்காமல் என்னிடமே கொண்டுவாருங்கள். ஏன் என்று கேட்க மாட்டேன். முதல் இரண்டு மாதம் அவ்வப்போது போட்டோ அனுப்பினால் போதும்.

ஞாயிறு தவிர மற்ற நாட்களில் மாலை 5 முதல் 8 மணிக்குள் கடைக்கு வந்து பாருங்கள். சிறுவர்கள் தனியாக வந்தால் தர மாட்டோம், பெரியவர் ஒருவர் கூட வர வேண்டும். எடுத்துப்போகும் அன்று காற்றுப் போகிற, மூடி உள்ள கூடை கொண்டுவாருங்கள். கட்டைப்பையில் போட்டு வண்டியில் மாட்டிக்கொண்டு போக விட மாட்டேன். உள்ளே விரிக்க, தாயின் வாசம் உள்ள துணி ஒன்று நான் தருகிறேன்.