கால் ஷீட்: 9ஆம் நாள் (மொத்தம் 22), சனி, 14 மார்ச் 2026

யூனிட் வரவேண்டிய நேரம்: காலை 5:30
முதல் ஷாட்: 7:00
பேக்கப்: மாலை 6:45
சூரிய உதயம் 6:15, அஸ்தமனம் 6:20

இடம் 1 (காலை): பழைய மாடி வீடு. காட்சி 14, 15. வண்டிகள் பின்பக்கக் காலி மனையில் நிற்கட்டும், வாசலில் வேண்டாம். சின்க் சவுண்ட் என்பதால் ஜெனரேட்டர் கிணற்றுக்கு அந்தப் பக்கம்.

இடம் 2 (மாலை): ஆற்றுப் படித்துறை. காட்சி 31. 6 கி.மீ., வண்டியில் 20 நிமிடம்.

யார், எப்போது
5:00 புரொடக்ஷன், டிரைவர்கள்
5:30 ஒளிப்பதிவு, லைட்மேன்கள், கிரிப், கலை
5:45 மேக்கப், காஸ்ட்யூம். தாத்தாவாக நடிப்பவர் (தாடி ஒட்டவே ஒரு மணி நேரம் ஆகும்)
6:15 ஒலிப்பதிவு
6:30 சிறுமி, அம்மாவுடன்
8:30 மருமகளாக நடிப்பவர்

சிறுமியின் ஷாட்களை முதலில் முடிப்போம். 12:30க்கு அவள் கிளம்பியாக வேண்டும். "இன்னும் ஒரே ஒரு டேக்" என்று யாரும் கேட்க வேண்டாம், குழந்தை ஏற்கெனவே இரண்டு நாள் தொடர்ந்து நடித்திருக்கிறாள்.

சாப்பாடு
காலை 6:00 முதல் 6:45, மதியம் 1:00 முதல் 2:00, டீ 4:15 படித்துறையில். லைட்மேன்கள் கடைசியாகச் சாப்பிடும் வழக்கம் இன்று வேண்டாம். அவர்கள்தான் 2:00க்கு முதல் வண்டியில் போகிறார்கள். குடிநீர் இரண்டு இடத்திலும் உண்டு.

காட்சி 31
வெளிச்சம் 5:45 முதல் 6:20 வரைதான். ஒத்திகை 5:00க்கு, கேமரா இல்லாமல். தாத்தா தண்ணீரில் இறங்குவதால் அதே சட்டை மூன்று வைத்திருக்கிறோம். மூன்றாவதும் நனைந்துவிட்டால் வேறு இல்லை, எனவே மூன்று டேக். கன்டினியூட்டி: 6ஆம் நாள் எடுத்த காட்சி 30இல் வலது கை சட்டை முழங்கை வரை மடித்திருந்தது, இரண்டாவது பொத்தான் கிடையாது.

மூன்றாம் படியில் பாசி இருக்கிறது. நேற்று லொக்கேஷன் பார்க்கப் போனபோது எனக்கே கால் வழுக்கியது. அங்கே கயிற்றுப் பாய் விரித்துவிடுவோம், ஆனாலும் செருப்போடு யாரும் இறங்காதீர்கள். நீச்சல் தெரிந்த இருவர் கயிறு, மிதவை ஜாக்கெட்டோடு தண்ணீர் ஓரமே நிற்பார்கள். அவர்கள் வந்து நிற்கும்வரை ஒத்திகைகூடக் கிடையாது. படிகளில் பேட்டரி லைட் மட்டும். ஜெனரேட்டர் கேபிள் சாலையைத் தாண்டி வரக்கூடாது.

வாக்கி: 1 புரொடக்ஷன், 2 கேமரா, 3 லைட், 5 அவசரத்துக்கு மட்டும்.

அவசரம் என்றால்
முதலில் வாக்கி 5, உடனே 112. முதலுதவியாளர் மேக்கப் வேனுக்குப் பக்கத்தில் இருப்பார். படித்துறையிலிருந்து 4 கி.மீ.இல் மருத்துவமனை, அவசரப் பிரிவு 24 மணி நேரமும் உண்டு. வெள்ளை வேன் சாலையைப் பார்த்தே நிற்கும், டிரைவர் அதை விட்டு நகரக்கூடாது. புரொடக்ஷன் மேனேஜர் எண் உங்கள் அடையாள அட்டையின் பின்பக்கம் இருக்கிறது.

நாளை: 10ஆம் நாள், அதே வீடு, யூனிட் 7:30க்கு.

முதல் உதவி இயக்குநர்